செபம் வறண்டுபோன பிறகு

தினமும் காலை ஐந்தரைக்கு அரை மணி நேரம். ஒரு நாற்காலி, நற்செய்தியில் ஒரு பகுதி, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சின்ன டைமர். நான்கு ஆண்டுகளாக அதுதான் என் செபம். ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வேன், அந்தக் காட்சியை மனதில் கொண்டுவருவேன், ஓர் ஓரமாக நின்று பார்ப்பேன், பிறகு பேசுவேன். பேச நிறைய இருந்தது. சில நாள் கண்ணில் நீர் வரும். டைமர் அடிக்கும்போது அதற்குள்ளேயா என்றிருக்கும்.

ஐந்தாம் ஆண்டில் அது நின்றுபோனது. ஒரே நாளில் இல்லை, மூன்று வாரத்தில். முதலில் காட்சி வருவது நின்றது. கடற்கரை என்று வாசித்தால் கடற்கரை என்ற சொல் இருந்தது, கடல் இல்லை. அப்புறம் பேச்சு நின்றது. கடைசியாக, யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வும் போனது. செபம் முடிந்ததும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஆண்டின் பக்கங்களைப் புரட்டினால் தேதிக்குக் கீழே 'ஒன்றுமில்லை' என்ற ஒரே சொல்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. சில நாளில் அதைக்கூட எழுதாமல் மேல்வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னும் கடுமையாக முயல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அரை மணியை முக்கால் மணியாக்கினேன். புத்தகம் மாற்றினேன், நேரம் மாற்றினேன், உட்காரும் இடத்தையும் மாற்றினேன். ஆலோசனை கேட்டுப் போன ஒருவர், மறைத்து வைத்த பாவம் ஏதாவது இருக்கும், தேடிப் பாருங்கள் என்றார். மூன்று மாதம் தேடினேன். தேடினால் கிடைக்காமல் இருக்குமா? கிடைத்ததையெல்லாம் ஒப்புரவில் குருவிடம் அறிக்கையிட்டுவிட்டேன். வறட்சி அப்படியே இருந்தது. கூடுதலாக ஒரு பயம் மட்டும் சேர்ந்துகொண்டது.

ஓய்வு பெற்ற ஒரு குருவானவரிடம் போனது அதற்குப் பிறகுதான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "செபத்தில் ருசி இல்லை, சரிம்மா. வேற எதுலயாவது இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த கார்மேல் சபைத் துறவி சிலுவை யோவானிடமிருந்து வந்தது அது. 'ஆன்மாவின் இருண்ட இரவு' என்று இன்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்கு மூலம் அவர் எழுதிய ஒரு கவிதை. சபையைச் சீர்திருத்தும் முயற்சியில் இருந்ததற்காக, சபையில் அதை எதிர்த்தவர்களே 1577 டிசம்பரில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் டொலேடோ நகர மடத்தில் ஒரு சிறு அறையில் அடைத்துவைத்தார்கள். ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்து, 1578 ஆகஸ்டில், ஓர் இரவு தப்பித்து வெளியேறினார். இரவைப் பற்றிய அந்தக் கவிதை அதை ஒட்டிய காலத்தில் எழுதியது.

இருண்ட இரவு என்றதும் நான் புலம்பலை எதிர்பார்த்தேன். வாசித்தபோது ஏமாந்துபோனேன். அது ஒரு காதல் கவிதை. வீடு அடங்கிய பிறகு, யாருக்கும் தெரியாமல், ஒரு பெண் காதலனைத் தேடிக் கிளம்புகிறாள். நம் அகப்பாடல்களில் இரவுக்குறிக்குத் தலைவன்தான் வருவான். இங்கே தலைவியே இறங்கிப் போகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். இருட்டு அவளுக்குத் தடையே இல்லை. இருட்டாக இருப்பதால்தான் அவளால் வெளியே வரமுடிகிறது. வேலை போனது, உறவு முறிந்தது எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரை வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. யோவான் பேசுவது துன்பத்தைப் பற்றிப் பொதுவாக அல்ல. செபம் செய்து பழகிய ஒருவருக்கு, செபத்துக்குள்ளேயே நடக்கும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைப் பற்றி.

கவிதைக்கு அவரே உரை எழுதினார். எட்டுப் பத்திகளில் முதல் இரண்டுக்குத்தான் உரை முழுமையாக இருக்கிறது, மூன்றாவதைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. அந்த உரையின் முதல் பாகத்தில், வறட்சி வந்த ஒருவர் அது எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார். அவர் இரவு என்று சொல்லும் அந்த மாற்றமாக இருக்கலாம், சோம்பலாக இருக்கலாம், உடல்மனக் கோளாறாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதல் அடையாளம்: கடவுள் காரியத்தில் ருசி இல்லை, மற்ற எதிலும் அந்த ருசி இல்லை. ஃபாதர் கேட்டது இதைத்தான். பாவத்தாலோ மெத்தனத்தாலோ வந்த வறட்சியென்றால், செபத்தில் போன ருசி வேறெங்காவது போய் ஒதுங்கியிருக்கும் என்பது யோவானின் கணக்கு. அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல நேரமாயிற்று. ஏனென்றால் இருந்தது. இரவு பதினொன்று முதல் ஒரு மணி வரை, படுக்கையில், ஃபோனில் தொடர்கள். தூக்கம் குறைந்துதான் காலையில் மந்தமாக உட்கார்ந்திருந்தேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதம் ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள் என்றார். பார்த்தேன். காலைத் தூக்கக் கலக்கம் போனது, கோபம் கொஞ்சம் குறைந்தது. செபம் மாறவில்லை. தெளிவாக விழித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஒரு மாதம் எனக்கு முக்கியமானது. அதைச் செய்யாமலேயே இருண்ட இரவு என்று முடிவு கட்டியிருந்தால், தூக்கமின்மைக்குப் புனிதப் பட்டம் கொடுத்திருப்பேன்.

இரண்டாம் அடையாளம்: நினைவு கடவுள் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறது, ஆனால் வலியோடு. நான் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, பின்னால் போகிறேன் என்ற கவலை விடுவதில்லை. மெத்தனமாக இருப்பவருக்கு இந்தக் கவலையே வராது. செபம் தவறினால் அவருக்கு நிம்மதிதான். எனக்கு நிம்மதி கிடைக்கவில்லை. செபத்தை விட்ட நாளில் மாலைவரை ஏதோ ஒன்றை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது. உட்கார்ந்தாலும் ஒன்றுமில்லை, உட்காராமலும் இருக்க முடியவில்லை. இதைச் சொன்னபோது ஃபாதர் முதல்முறையாகச் சிரித்தார்.

மூன்றாம் அடையாளம்: முன்போலக் கற்பனையை வைத்து, யோசித்து யோசித்துத் தியானம் செய்ய முடியவில்லை, எவ்வளவு முயன்றாலும். உடம்பு சரியில்லாததால் வந்த இயலாமை என்றால் உடம்பு சரியானதும் அது திரும்பிவிடும், இரவால் வந்தது நாளுக்கு நாள் கூடும் என்கிறார் யோவான்.

மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. முதலாவது மட்டும் இருந்தால் அது வெறும் மனச்சோர்வாக இருக்கலாம். அந்தக் காலத்தில் 'மெலன்கோலியா' என்பார்கள், யோவானே அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார். இரண்டாவது மட்டும் என்றால் அளவுக்கு மீறிய குற்ற உணர்வாக இருக்கலாம். மூன்றாவது மட்டும் என்றால் கவனச்சிதறல்.

என் கதையில் மனச்சோர்வும் வந்தது. வறட்சி தொடங்கி ஒன்பதாவது மாதம் வாக்கில் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்ட ஆரம்பித்தது, பிறகு தூக்கம் வராது. பசி போனது. பிடித்த வேலைகூட மலையாகத் தெரிந்தது. நானாக அதையும் இரவின் ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டேன். ஃபாதர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு மாதம் இருக்கும் என்றேன். "ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா முதல்ல டாக்டரைப் பாக்கணும்மா. செபத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா என்றும் நேராகக் கேட்டார். அப்படித் தோன்றியிருந்தால் அன்றே யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார், சில மாதம் ஆலோசனைக்கும் போனேன். தூக்கம் திரும்பியது, பசி திரும்பியது, வேலையில் பழைய பிடிப்பு வந்தது. காலை அரை மணி மட்டும் அப்படியே வறண்டு கிடந்தது. இரண்டும் வேறுவேறு என்பது அப்போதுதான் உறுதியானது. சிகிச்சை ஒன்றைச் சரிசெய்தது, மற்றது அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. வறட்சியோடு மெலன்கோலியாவும் கலந்து வருவது உண்டு, அப்படி வந்தாலும் இரவு தன் வேலையைச் செய்யும் என்று யோவானே ஒப்புக்கொள்கிறார். ஆகவே இதுவா அதுவா என்று சண்டை போடத் தேவையே இல்லை. மாத்திரை சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு என்று சொல்பவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டலாம்.

ஒரு சந்தேகம் எனக்கும் வந்தது. வேலையில் பிடிப்பு வந்துவிட்டதே, அப்படியானால் முதல் அடையாளம் பொய்யாகிவிட்டதா? ஃபாதரிடம் கேட்டேன். வேலையில் சந்தோஷம் வந்தது நல்லதுதான், அது செபத்தில் காலியான இடத்தை நிரப்புகிறதா என்று பார்க்கச் சொன்னார். நிரப்பவில்லை. முன்பு தொடர்கள்தான் நிரப்பியதுபோல இருந்தது, அதுவும் இரவு ஒரு மணிவரை மட்டும்.

சரி, இது இரவு என்றே வைத்துக்கொண்டால், உட்கார்ந்து என்ன செய்வது? இங்கேதான் நான் அதிகம் தடுமாறினேன். யோவானின் பதில் கேட்க எளிதாக இருக்கும்: யோசிக்க முயலாதே, காட்சிகளைக் கூட்டாதே, அன்போடு கவனித்துக்கொண்டு சும்மா இரு. ஓவியன் ஒருவன் ஒரு முகத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். உட்கார்ந்திருப்பவர் ஏதாவது செய்ய வேண்டும் என்று அசைந்துகொண்டே இருந்தால் ஓவியன் வேலை கெடும் என்று ஓர் உவமை சொல்கிறார். நான் முக்கால் மணி நேரம் அசைந்துகொண்டே இருந்திருக்கிறேன். புத்தகம் மாற்றியதும் இடம் மாற்றியதும் அந்த அசைவுதான்.

சும்மா இருப்பதும் தூங்குவதும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால், ஃபாதர் எனக்கு ஒரு வழி சொன்னார். அரை மணிக்குத் திரும்பிப் போனேன். முதலில் நற்செய்தியில் நான்கைந்து வரி, நிதானமாக, ஒருமுறை மட்டும். அதில் ஏதாவது பிடித்தால், காட்சி வந்தால், பழையபடியே தியானிக்க வேண்டும். வருவதைத் தள்ளிவிட்டு இருட்டைத் தேடிப்போவது பெருமை என்றார். யோவானும் சிந்தித்துத் தியானிப்பதை நேரத்துக்கு முன்னால் விட்டுவிடக் கூடாது என்று எச்சரிக்கிறார். ஒன்றும் வராவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு, முகம் தெரியாத ஒருவர் எதிரே இருக்கிறார் என்பதுபோல இருக்க வேண்டும். மனம் ஓடும்போது ஒரு சொல், 'இருக்கிறேன்' என்பதுபோல ஏதாவது ஒன்று, ஒரே ஒருமுறை. அதையே உருப்போட ஆரம்பித்தால் அதுவும் ஓர் அசைவுதான்.

இது சரியான இடத்தில் நடக்கிறதா என்பதற்கும் யோவான் வேறொரு நூலில் ஓர் அளவுகோல் தருகிறார். அங்கே சொல்லும் மூன்று அடையாளங்களில் கடைசியானது, குறிப்பாக எதையும் நினைக்காமல், கடவுளைப் பற்றிய பொதுவான ஓர் அன்புக் கவனத்தோடு தனியே இருக்க விருப்பம் இருப்பது. வறட்சியின் முதல் ஆண்டில் எனக்கு அந்த விருப்பம் இருந்ததா என்று தெரியவில்லை. பதற்றத்தின் சத்தத்தில் அது கேட்டிருக்காது. சரிசெய்ய முயல்வதை விட்ட பிறகு, ஏழெட்டு மாதம் கழித்து, ருசியில்லாத அந்த அரை மணியை விட்டு எழ மனமில்லாமல் இருந்தேன் என்பதைக் கவனித்தேன். இனிப்பு ஒன்றுமில்லை. தாகமில்லாமல் குடிக்கும் தண்ணீர்போல.

எப்போதும் இப்படியே ஓடியது என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டாம் ஆண்டில் ஒரு மோசமான வாரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம் என்று முடிவெடுத்து ஃபாதரிடம் சொன்னேன். முடிவு தப்பென்று சொல்லவில்லை, எடுத்த நேரம் தப்பு என்றார். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், வறட்சியில் இருக்கும்போது முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவுகளை மாற்றாதே என்று விதியே எழுதிவைத்திருக்கிறார். அதோடு, செபம் கசக்கும் நாளில் குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இரு என்றும் சொல்கிறார். எனவே டைமர் அடித்த பிறகு இரண்டு நிமிடம். அரை மணியை முக்கால் மணியாக்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அது எதையாவது பறிக்க, இது ஓடாமல் இருக்க என்றார்.

அவிலாவின் தெரேசா எனக்கு இந்த இடத்தில் பெரிய துணை. யோவானோடு சேர்ந்து சபையைச் சீர்திருத்தியவர். சில ஆண்டுகள் செபத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஒரு மணி நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்பதில்தான் தன் கவனமெல்லாம் இருந்தது என்று அவரே எழுதுகிறார். நற்கருணை வாங்கிய பிறகு தவிர, பதினெட்டு ஆண்டுகள் கையில் ஒரு புத்தகம் இல்லாமல் செபத்தில் உட்காரத் துணியவில்லை என்றும் எழுதுகிறார். புத்தகத்தைத் திறக்காத நாளும் உண்டாம், அது கையில் இருந்தாலே போதுமாம். இதைப் படித்த பிறகு என் டைமர் மேல் எனக்கிருந்த வெட்கம் போயிற்று.

ஏன் இப்படி நடக்கிறது? தாய் குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதை யோவான் உவமையாகச் சொல்கிறார். மார்பில் கசப்பைத் தடவி, இடுப்பிலிருந்து இறக்கி, நடக்க விடுகிறாள். குழந்தைக்கு அது தண்டனை மாதிரித்தான் இருக்கும். அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்களைப் பற்றி அவர் எழுதும் பக்கங்கள் கூச்சப்பட வைப்பவை. தலையான ஏழு பாவங்களும் பக்தி வேஷத்தில் எப்படி வருகின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். அதில் ஆன்மிகப் போசனப்பிரியம் என்ற பகுதியில் நான் அச்சு அசலாக இருந்தேன். கண்ணீர் வந்த நாளை நல்ல செபம் என்றும் வராத நாளைக் கெட்ட செபம் என்றும் நோட்டில் எழுதியவள் நான்தானே. நான் தேடிப்போனது அந்தக் கண்ணீரைத்தான். மற்றவர்கள் செபத்தில் தூங்குவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்ததும் உண்டு. இப்போது நானே தூங்குகிறேன்.

இரவு வேலை செய்கிறதா என்பதை அந்த அரை மணியில் பார்க்க முடியாது. மற்ற இருபத்து மூன்றரை மணி நேரத்தில் பாருங்கள் என்று ஃபாதர் சொல்வார். என்னிடம் நான் பார்த்தது சின்னச் சின்ன விஷயம். அடுத்தவர் செபத்தை எடைபோடுவது நின்றது. எரிச்சல் வரும்போது அது என் எரிச்சல் என்று சீக்கிரம் தெரிந்தது. என்னைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் இறங்கிக்கொண்டே போனது. இது சுகமாக இல்லை. விறகு உதாரணத்தை யோவான் வேறொரு கட்டத்துக்குச் சொல்கிறார் என்றாலும் இங்கேயும் பொருந்துகிறது: தீ பற்றுவதற்கு முன் ஈரத்தை வெளியே தள்ளும், விறகு கறுத்து, புகைந்து, நாறும். நாற்றம் வெளியிலிருந்து வந்ததல்ல, விறகுக்குள் இருந்ததுதான்.

இதையெல்லாம் சொல்வதால் எனக்கு நடந்தது பெரிய இரவு என்று எண்ணிவிட வேண்டாம். யோவான் இரண்டு இரவுகளைப் பிரிக்கிறார். புலன்களின் இரவு பலருக்கு வருவது. ஆன்மாவின் ஆழத்தையே தொடும் இரவு மிகச் சிலருக்கு. கொல்கத்தாவின் அன்னை தெரேசா சுமார் ஐம்பது ஆண்டு அனுபவித்த இருளை 2007இல் வெளிவந்த அவரது கடிதங்களில் வாசிக்கலாம். நம் வறட்சியை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது விஷப்பரீட்சை. புலன்களின் இரவுக்குள் வருகிறவர்களில் பாதிப் பேரைக்கூடக் கடவுள் ஆழ்ந்த செபத்துக்குக் கொண்டுபோவதில்லை, ஏன் என்று அவருக்கே தெரியும் என்று யோவான் எழுதுகிறார். இப்படிப்பட்டவர்களுக்கு வறட்சி விட்டு விட்டு வரும், நடுநடுவே பழைய தியானம் திரும்பும். எனக்கு மூன்றாம் ஆண்டில் இரண்டு மாதம் திரும்பியது. கடல் தெரிந்தது. பிறகு போய்விட்டது. அந்தப் பாதிப் பேரில் நான் இருக்கிறேனா என்று ஃபாதரிடம் கேட்டேன். அதைத் தெரிந்துகொண்டு நாளைக் காலையில் வேறு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்.

நோட்டை மூடச் சொன்னவரும் அவர்தான். தினமும் செடியைப் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள் என்றார். கடைசியாக எழுதிய பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது, அதன் கீழே எழுதத் தொடங்கி அடித்துவிட்ட ஒரு 'ஒ'. இன்று காலை உட்கார்ந்து பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன். டைமர் அடித்து எழுப்பியது. இன்னும் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழுந்தேன்.